வாய்ஸா, வீடியோவா, எழுத்தா: பாய் விற்கிற போனில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்கிற வழியும்

பத்தமடையில் நாலு வீட்டில் நெய்கிற பாய்களுக்கு ஆர்டர் எடுப்பது, விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, பார்சல் போடுவது எல்லாம் என் வேலை. தனியாகக் கடை கிடையாது, ஒரு போனும் அதில் இருக்கிற வாட்ஸ்அப் பிசினஸும்தான் கடை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில், சேரன்மகாதேவிக்கு முன்னால் இருக்கிறது எங்கள் ஊர். ஆனால் எங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரோட்டில் வந்ததே இல்லை. பாயைத் தொட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு வழியில்லை, விற்கிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று எதிரே நின்று பார்க்கவும் வழியில்லை. தொட்டுப் பார்ப்பதற்குப் பதிலாகக் குட்டி வீடியோவும், ஆளைப் பார்ப்பதற்குப் பதிலாக வாய்ஸும் அனுப்ப ஆரம்பித்தேன். நிறைய நல்லது நடந்தது, சில இடங்களில் நன்றாக அடியும் வாங்கினேன்.

அப்படி அடிபட்ட இடங்களை, வாடிக்கையாளர் என்ன சொன்னார் அல்லது போனில் என்ன தெரிந்தது என்பதை வைத்துப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அதற்கு நேரே போய்விடலாம்.

"வாய்ஸ் அனுப்பியாச்சு, ஆனால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கிறாங்க"

முதலில் அவர் கேட்டாரா இல்லையா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய வாய்ஸின் ஓரத்தில் ஒரு சின்ன மைக் படம் இருக்கும். சாம்பல் நிறத்தில் இருந்தால் இன்னும் போட்டுக் கேட்கவில்லை, நீலமாகியிருந்தால் போட்டிருக்கிறார். நீல டிக் தெரியாதபடி செட்டிங்கில் மறைத்து வைத்திருக்கிறவர்களுக்கும் இந்த மைக் மாறும், வாய்ஸுக்கு மட்டும் அதை மறைக்க முடியாது. அதனால் இது நம்பக்கூடிய அடையாளம்.

மைக் சாம்பலாகவே இருந்தால் அவர் ஆபீசிலோ பஸ்ஸிலோ கைக்குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டோ இருக்கலாம். வாய்ஸைக் கேட்க ஒரு இடமும் நேரமும் வேண்டும், எழுத்துக்கு அது வேண்டாம். இன்னொரு வாய்ஸ் போட்டு நெருக்காமல், பதிலை ஒரே வரியில் டைப் செய்து அனுப்பிவிடுங்கள். குறை சொல்லி வருகிற செய்தியைத் தவிர, அவர் எழுத்தில் கேட்டிருந்தால் முதல் பதிலும் எழுத்தில்தான் போக வேண்டும் என்பதை நான் பழக்கமாகவே வைத்திருக்கிறேன். வாய்ஸில் கேட்டவருக்கு வாய்ஸில் பதில் சொல்லலாம், அவருக்கு அது வசதி என்று அவரே காட்டிவிட்டார்.

மைக் நீலமாகியும் அதே கேள்வி வருகிறதென்றால் கோளாறு நம் வாய்ஸில். என்னுடைய பழைய வாய்ஸ்களை ஒருநாள் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு அக்கா, "நாலுக்கு ஆறு பாய் இருக்கா, எப்ப கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறார். நான் வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து, மழையில் கோரை காயவில்லை என்று சொல்லி, பாய் நெய்கிற லாத்தா ஒருத்தர் மகள் வீட்டுக்குப் போயிருப்பதையும் சொல்லி, ஒன்றே முக்கால் நிமிஷம் கழித்து "பத்து நாள் ஆகும்" என்று முடித்திருக்கிறேன். அவர் பாதியிலேயே நிறுத்தியிருப்பார், நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். "இருக்குதுக்கா, நாலுக்கு ஆறு நெய்து தாரோம், பத்து நாள் ஆகும். மழையில கோரை காயலை, அதான் இந்தத் தாமதம். கலர் மட்டும் சொல்லுங்க, இன்னைக்கே பாவு போடச் சொல்லுதேன்." இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். பதில் முதலில், காரணம் அடுத்து, அவர் செய்ய வேண்டியது கடைசியில். அரை நிமிஷத்துக்கு மேல் போகிறது என்றால் அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். பேச்சில் இருக்கிற நம்ம ஊர் இழுவையை மட்டும் வெட்டாதீர்கள், அதற்காகத்தானே வாய்ஸ்.

பதிவு செய்கிறபோது மைக்கை அழுத்திப் பிடித்து மேலே தள்ளினால் பூட்டு விழுந்துவிடும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். பேசி முடித்ததும் அனுப்பாமல் நிறுத்தி, ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். போனின் மைக் ஓட்டை கீழ் விளிம்பில் இருக்கும், பேசுகிற கை அதை மூடிக்கொள்வது எல்லாருக்கும் நடக்கிறது. நான் போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் பேசுவேன். தறிக்குப் பக்கத்தில் நின்று பேசினால் அச்சுக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்பவருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். பிடித்ததும் உண்மைதான், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வார்த்தை காணாமல் போயிருந்தது. இப்போது இரண்டு அறை தள்ளி நிற்கிறேன், தட்டுகிற சத்தம் தூரத்தில் லேசாகக் கேட்டால் போதும்.

"பாயில் பெயர் தப்பாக விழுந்துவிட்டது"

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கல்யாணப் பாய் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை பெண் பெயரும் கல்யாணத் தேதியும் பாயோடு சேர்த்தே நெய்யப்படும். மேலே எழுதுகிற பெயின்ட் இல்லை அது, சாயம் ஏற்றிய கோரையே எழுத்தாகி வருவது. வைகாசியில் நடக்க இருந்த ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் அம்மா ஆர்டர் கொடுத்தார். தென்காசிப் பக்கத்து அம்மா, அன்பாகப் பேசுவார், எல்லாவற்றையும் வாய்ஸில்தான் சொல்லுவார். நானும் வாய்ஸிலேயே பதில் சொன்னேன். ஒரு வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது வாய்ஸ் இருக்கும். நல்ல பழக்கம் ஆகிவிட்டது, அதனாலேயே நான் ஜாக்கிரதையை விட்டுவிட்டேன்.

அவர் பெயர்களை வாய்ஸில் சொன்னார். நான் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி, நெய்கிற லாத்தாவிடம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பாய் முடிந்தது. போட்டோ அனுப்பினேன். அந்த அம்மாவிடமிருந்து முதல் தடவையாக எழுத்தில் ஒரு செய்தி வந்தது: "ணி இல்லம்மா, னி." அவ்வளவுதான். பெண்ணின் பெயரில் கடைசி எழுத்து. வாய்ஸைத் திரும்பப் போட்டுக் கேட்டேன், ஐந்து தடவை கேட்டேன், எனக்கு இன்றைக்கும் அது ணி என்றுதான் கேட்கிறது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. போனில் ஒடுங்கி வருகிற குரலில் ண, ன இரண்டையும் பிரிப்பது கஷ்டம், ல, ள, ழ அதைவிட மோசம். ஸ போடுவார்களா ச போடுவார்களா என்பது குரலில் தெரியவே தெரியாது, அது அந்தக் குடும்பம் எழுதுகிற வழக்கம்.

எழுத்து விழுந்த இடத்தை மட்டும் அவிழ்த்து நெய்ய முடியுமா என்று கேட்டேன். அதற்கு மேலே ஏறியிருக்கிற கோரை எல்லாவற்றையும் எடுக்கணும், புதுசாகவே நெய்துடலாம் என்றார் லாத்தா. கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ராத்திரியும் உட்கார்ந்து நெய்தார்கள், பாய் கல்யாணத்துக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்தது. கூலி இரண்டு தடவையும் நான்தான் கொடுத்தேன், அவர்கள் கண் எரிய உட்கார்ந்ததற்கு நான் கொடுத்த கூலி போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பெயர் போடுகிற ஆர்டர் எதுவாக இருந்தாலும் இப்படித்தான். வாய்ஸில் பெயர் சொன்னால் நன்றாகக் கேட்டுக்கொண்டு, "சந்தோசம்மா, ஒரு உதவி, பத்திரிகையில எப்படி அடிக்கப் போறீங்களோ அப்படியே டைப் பண்ணி அனுப்புங்க" என்று வாய்ஸிலேயே கேட்பேன். டைப் செய்யத் தெரியாதவர் என்றால் பத்திரிகையின் போட்டோவோ, பேரப்பிள்ளை நோட்டில் எழுதிய போட்டோவோ போதும். வந்ததை நான் திரும்ப டைப் செய்யமாட்டேன், அப்படியே காப்பி எடுத்து இந்த மாதிரி அனுப்புவேன்:

```
பாயில் வரும் எழுத்து:
(மாப்பிள்ளை பெயர்)
(பெண் பெயர்)
தேதி:
அளவு: 4 அடி x 6 அடி
நிறம்:
அனுப்பும் நாள்:
எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு "சரி" என்று அனுப்புங்கள்.
நெய்த பிறகு மாற்ற முடியாது.
```

வாட்ஸ்அப் பிசினஸில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்திருக்கிறேன், `/` அடித்தால் வந்துவிடும். "சரி" என்று அவர் எழுத்தில் அனுப்பினால்தான் ஆர்டர் தறிக்குப் போகும். கட்டைவிரல் படம் போட்டால் ஏற்றுக்கொள்வதில்லை, அது படிக்காமலே போடுகிற படம். அவருடைய "சரி"யை அழுத்திப் பிடித்து நட்சத்திரம் போட்டு வைக்கிறேன், மூன்று வாரம் கழித்து லாத்தா "அந்தப் பிள்ளை பேரு என்னம்மா" என்று கேட்டால் தேட வேண்டாம். எழுத்தில் இருந்தால் தேடுகிற கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்தால் வந்துவிடும். முப்பது வாய்ஸில் எது அந்த வாய்ஸ் என்று கண்டுபிடிக்க முப்பதையும் போட்டுக் கேட்க வேண்டும்.

வீடியோ இந்த இடத்தில்தான் ரொம்ப உதவுகிறது. பெயர் விழுகிற வரிசைகள் முடிந்ததும், மேலே நெய்வதற்கு முன்னால், லாத்தாவின் விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் போகிற மாதிரி பத்துப் பதினைந்து விநாடி எடுத்து அனுப்புகிறேன். தப்பு இருந்தால் அப்போதே நிறுத்திவிடலாம், நஷ்டம் கொஞ்சத்தோடு போகும். பெண் வீட்டார் அந்த வீடியோவைத்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள்.

முகவரி, பின்கோடு, பார்சல் எண், பணம் அனுப்ப வேண்டிய எண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஸ்பீடு போஸ்ட் எண் பதின்மூன்று எழுத்து, முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. இதை வாய்ஸில் சொன்னால் அவர் பேனா தேடி எழுதி, அப்புறம் திரும்ப அடிக்க வேண்டும். எழுத்தில் அனுப்பினால் தொட்டுக் காப்பி எடுத்துக்கொள்வார். அதையும் தனிச் செய்தியாக அனுப்புங்கள், "உங்கள் பார்சல் எண் இதோ" என்று மேலே எழுதி ஒட்டவைத்தால் காப்பி எடுக்கும்போது அந்த வார்த்தைகளும் சேர்ந்து போகும்.

"நாளைக்கே வரும்னு சொன்னீங்களே?"

நான் சொல்லவில்லை. "நாளக்கழிச்சி அனுப்புதேன்" என்று சொன்னேன். நமக்கு அது நாளைக்கு அடுத்த நாள். சென்னையில் வளர்ந்த அந்தத் தம்பிக்கு "நாளை" என்பது மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "வார வெள்ளி" என்றால் நமக்கு வருகிற வெள்ளி, அவர்கள் அது எந்த வெள்ளி என்று யோசிக்கிறார்கள். "அனுப்புதேன்" என்பதையே ஒருத்தர், இப்போது அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

ஊர்ப் பேச்சை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். துபாயில் இருக்கிற ஒரு அண்ணாச்சி, என் வாய்ஸில் "வாரேன், தாரேன்" கேட்பதற்காகவே போனில் பேசாமல் வாய்ஸ் போடச் சொல்லுவார். பேசுவது அப்படியே இருக்கட்டும், நாளும் கிழமையும் மட்டும் அடியில் எழுத்தில் வரட்டும்: "12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்." எத்தனையோ பேர் வாய்ஸை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள், அந்த வேகத்தில் பன்னிரண்டும் இருபத்திரண்டும் ஒன்றுபோலத்தான் ஓடும். தவறாக டைப் செய்துவிட்டால் கால் மணி நேரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். வாய்ஸைத் திருத்த முடியாது, அழித்துவிட்டு மறுபடி பேச வேண்டியதுதான்.

"வீடியோவில் பார்த்த கலர் இது இல்லை"

ட்யூப் லைட்டில் எடுத்திருப்பீர்கள், அல்லது மஞ்சள் பல்பில். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானாகச் சமன்செய்யப் பார்க்கும். சிவப்புப் பாய் காட்சி முழுக்க நிரம்பியிருந்தால் அதற்கு எது வெள்ளை என்று தெரியாமல், சிவப்பைக் கொஞ்சம் மங்கலாக்கிவிடும். நான் செய்கிற வைத்தியம் சுலபம்: காலை பத்து மணி வாக்கில் திண்ணையில், வெயில் நேரே விழாத நிழலில் பாயை விரித்து, ஓரத்தில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு எடுப்பேன். துண்டு வீடியோவில் வெள்ளையாகத் தெரிந்தால் பாயின் நிறமும் ஏறக்குறைய சரியாக இருக்கும். துண்டு நீலமடித்தால் அல்லது மஞ்சளடித்தால் அந்த வீடியோவை அனுப்பமாட்டேன். இவ்வளவு செய்தாலும் அவர் போன் திரை வேறு மாதிரி காட்டலாம், அதனால் "இது குங்குமச் சிவப்பு இல்லைக்கா, செங்கல் பக்கம்" என்று வாய்விட்டும் சொல்லிவிடுவேன்.

அளவு பற்றிய தகராறும் இதே மாதிரி வரும். "நாலடிக்கு ஆறடி" என்று எத்தனை தடவை எழுதினாலும் விரித்துப் பார்க்கும்போது "சின்னதா இருக்கே" என்பார்கள். டேப்பை ஓரத்தில் வைத்து, ஒருத்தர் பாயில் படுத்து எழுந்திருக்கிற மாதிரி எட்டு விநாடி எடுத்து அனுப்பினதிலிருந்து அந்தப் பேச்சு நின்றுவிட்டது. எழுத்து செய்ய முடியாததை வீடியோ செய்கிற இடம் இது. பட்டுப் பாயைச் சுருட்டிக் கைக்குள் அடக்கிக் காட்டுவதும் அப்படித்தான், மெல்லியது, வளையும் என்று பத்து வரி எழுதினாலும் அந்த ஒரு காட்சி வராது.

வாட்ஸ்அப்பில் வட்டமாக வருகிற உடனடி வீடியோவைப் பாயைக் காட்டப் பயன்படுத்தாதீர்கள். வட்டம் நாலு மூலையையும் வெட்டிவிடும், பாயில் மூலையும் கரையும்தான் பார்க்க வேண்டியது. வட்ட வீடியோ முகம் காட்டி "ஆர்டர் வந்துடுச்சு, நன்றி" என்று சொல்ல நன்றாக இருக்கும்.

இன்னொன்று, ஒரு வீட்டுக் கல்யாணப் பாயை இன்னொருத்தருக்கு மாதிரியாகக் காட்டும்போது பெயரும் தேதியும் தெரியாமல் அந்தப் பக்கத்தை மடித்துப் பிடித்து எடுங்கள். அந்த வீட்டுக்காரர்கள் அதை எங்களுக்குக் கொடுத்தது நெய்வதற்கு, ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை.

"வீடியோ திறக்கவே இல்லை", "சத்தம் வரலை"

வாய்ஸ் யாருக்கு அனுப்பினாலும் தானாக இறங்கிவிடும். வீடியோ அப்படி இல்லை. மொபைல் டேட்டாவில் இருக்கிறவருக்கு, செட்டிங்கை மாற்றாமல் வைத்திருந்தால், போட்டோ மட்டும்தான் தானாக இறங்கும். வீடியோ மங்கலாக ஒரு அம்புக்குறியோடு நிற்கும், அவர் தொட்டால்தான் இறங்கும். மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத ஊரில் இருக்கிற பெரியவர் அதைத் தொடவே மாட்டார். எனவே இருபது விநாடிக்கு மேல் போகாமல் வெட்டி அனுப்புங்கள், கூடவே அதே பாயின் போட்டோ ஒன்றும் அனுப்புங்கள். வட்ட வீடியோ என்றால் முதலில் சத்தமில்லாமல்தான் ஓடும், தொட்டால்தான் குரல் வரும். "தொட்டுக் கேளுங்க" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"நன்றி" என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது, அப்புறம் ஆளே இல்லை

ஐப்பசி மழையில் சென்னையிலிருந்து ஒரு அக்கா போட்டோ அனுப்பினார். நாங்கள் அனுப்பிய பாயில் அங்கங்கே சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். "இது என்ன?" என்று மட்டும் கேட்டிருந்தார். நான் எழுதின பதில்: "மழைக்காலத்தில் ஈரத்தால் இப்படி வரும். துடைத்துக் காய வைக்கவும்." தகவல் சரி. ஆனால் அது சுவரில் எழுதி வைத்த அறிவிப்பு மாதிரி இருந்தது, ஈரத்தில் வைத்தது உங்கள் தப்பு என்கிற தொனியும் அதில் ஏறிவிட்டது. "அப்படியா. நன்றி." என்று பதில் வந்தது. அந்த முற்றுப்புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

குறை சொல்லி வருகிற செய்திக்கு எழுத்தில் முதல் பதில் போடுவது இப்படித்தான் முடிகிறது. எழுதுகிறவர் நினைத்த தொனி படிக்கிறவருக்குப் போவதில்லை, ஏற்கனவே மனசு வருந்தி இருக்கிறவர் அதை இன்னும் கடுமையாகத்தான் படிப்பார். அன்றைக்கே ஒரு வாய்ஸ் போட்டேன்: "அக்கா, போட்டோ பார்த்ததும் சங்கடமாப் போச்சு. பாய் வீணாகலை, துடைச்சா போயிடும், எப்படின்னு இப்பவே காட்டுதேன். போகலைன்னா நாங்க மாத்தித் தாரோம்." பதினைந்து விநாடி. அதில் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, மழையைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து வீடியோ. எங்கள் வீட்டிலேயே பூஞ்சணம் பிடித்த பழைய பாய் ஒன்று இருந்தது. காய்ந்த பருத்தித் துணியால், கோரை ஓடுகிற திசையிலேயே துடைப்பதைக் காட்டினேன், குறுக்கே தேய்த்தால் கோரை உரிந்து எழும்பும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. அப்புறம் காற்றோட்டமான நிழலில் நிறுத்தி வைப்பது, உச்சி வெயிலில் நெடுநேரம் போட்டால் சாயம் வெளுக்கும். கடைசியாக மடிக்காமல் சுருட்டுவது, மடித்த இடத்தில் கோரை முறிந்துவிடும். முப்பத்தைந்து விநாடி, முகம் காட்டவில்லை, கை மட்டும். கை செய்கிற வேலையைக் காட்ட வேண்டிய இடத்தில் முகம் குறுக்கே நிற்கத் தேவையில்லை.

மூன்றாவதாக எழுத்து, நாலே வரி: காய்ந்த துணி, கோரைத் திசை, நிழல், சுருட்டு. அடுத்த மழையில் அவர் வீடியோவைத் தேடமாட்டார், இந்த நாலு வரியைத்தான் தேடுவார். சாயங்காலம் துடைத்த பாயின் போட்டோவோடு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் வந்தது. தை மாதம் அவர் தங்கச்சிக்கு ஒரு பாய் வாங்கினார்.

இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. நீங்களே எரிச்சலில் இருக்கும்போது வாய்ஸ் போடாதீர்கள். எழுத்தில் மறைக்கக்கூடிய எரிச்சல் குரலில் மறையாது, "சரிங்க" என்கிற ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிடும். பதிவு செய்து, நிறுத்தி, கேட்டுப் பாருங்கள். உங்கள் காதுக்கே முறைப்பாகக் கேட்டால் அழித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பேசுங்கள். பணம் திருப்பித் தருகிற பேச்சு வந்துவிட்டால் வாய்ஸை நிறுத்திவிட்டு எழுத்துக்கு மாறிவிடுங்கள். எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதிக்குள் என்பது இரண்டு பேர் கையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

"வாய்ஸ் போட்டதில் வீட்டில் பிரச்சனையாகிவிட்டது"

வாய்ஸைக் காதில் வைத்துக் கேட்டால் அவருக்கு மட்டும் கேட்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் அடுப்படியிலோ திண்ணையிலோ போனை வைத்துவிட்டு ஸ்பீக்கரில்தான் போடுகிறார்கள். மாமியாருக்குத் தெரியாமல் அறுபதாம் கல்யாணத்துக்குப் பாய் சொல்லியிருந்த ஒரு மருமகளுக்கு, "மைனி, உங்க மாமனார் மாமியார் பேரு போட்டாச்சு" என்று வாய்ஸ் அனுப்பினேன். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அவர் அதைப் போட்டுவிட்டார். பாக்கிப் பணம் நினைவுபடுத்துகிற வாய்ஸ் இப்படிப் பத்துப் பேர் நடுவில் ஒலித்தால் அது அவருக்கு எவ்வளவு தலைக்குனிவு என்று யோசித்துப் பாருங்கள். பரிசாக வாங்குகிறது, பாக்கி, கழிவு கேட்டது, யார் யாருக்கு வாங்குகிறார்கள் என்பது, இவையெல்லாம் எழுத்தில்தான் போக வேண்டும்.

அதேபோல எழுத்து ஆகாத ஆட்களும் உண்டு. வாசிக்க வராத பெரியவர்கள், கண் மங்கினவர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன ஆர்டர் விவரத்தை எழுத்தில் அனுப்பிவிட்டு, அதையே வரிவரியாக வாய்ஸிலும் படித்துக் காட்டுகிறேன். கூடவே வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருத்தரின் நம்பரை அவர் சம்மதத்தோடு வாங்கி வைத்துக்கொள்கிறேன். காது மந்தமானவர்களுக்கு நேர்மாறு, வாய்ஸே கிடையாது. யார் எப்படி என்பது ஒருமுறை தெரிந்ததும் வாட்ஸ்அப் பிசினஸில் அவர் பெயருக்கு லேபிள் போட்டுவிடுவேன். என்னிடம் மூன்று லேபிள் இருக்கின்றன: "வாய்ஸ்", "எழுத்து மட்டும்", "வீட்டில் கேட்கக் கூடாது". நான் ஊரில் இல்லாத நாளில் தங்கச்சி போனை எடுத்தாலும், பதில் போடுவதற்கு முன்னால் அந்த லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.